சேர்ந்து போனால்தான் லாபம்: பிரிட்டன் ரயிலின் தள்ளுபடி அட்டைகள்

மகளோ மகனோ பிரிட்டனில் வேலையில் இருக்கிறார்கள். பெற்றோர் இரண்டு மூன்று மாதம் தங்கிவரப் போகிறார்கள். லண்டனைப் பார்க்க வேண்டும், எடின்பரோவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும், தெரிந்தவர்கள் வீட்டுக்கும் போக வேண்டும். இப்படித் திட்டம் போடும் குடும்பங்களை அங்கே முதலில் திகைக்க வைப்பது ரயில் கட்டணம். நம்மூரில் ஸ்லீப்பரில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் செலவை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், அங்கே ஒரு மணி நேரப் பயணத்துக்கான டிக்கெட்கூட மலைப்பாக இருக்கும். அதைக் குறைக்க அங்குள்ளவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் வழி ‘ரயில்கார்டு’. வருடத்துக்கு ஒரு தொகை கட்டி அட்டை வாங்கிக்கொண்டால், அந்த வருடம் முழுவதும் டிக்கெட்டில் தள்ளுபடி. பிரிட்டனில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சுற்றுலா விசாவில் வந்தவரும் வாங்கலாம்.

இந்த அட்டைகளில் பல வகை உண்டு. குடும்பத்துக்கும் தம்பதிக்கும் உதவுபவை இரண்டு. ஒன்று ‘டூ டுகெதர்’, இன்னொன்று ‘ஃபேமிலி அண்டு ஃப்ரண்ட்ஸ்’. 2025 மார்ச் முதல் இரண்டுமே வருடத்துக்கு 35 பவுண்டு. அதற்கு முன் 30 ஆக இருந்தது. ஒரு வருட அட்டைக்கு மொத்தமாக 35 பவுண்டுதான், ஆளுக்கு 35 அல்ல. பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு வாங்காமலே விட்டுவிடுகிறார்கள்.

டூ டுகெதர் அட்டையில் 16 வயதுக்கு மேற்பட்ட இருவரின் பெயரும் இருவரின் புகைப்படமும் இருக்கும். கணவன் மனைவியாக இருக்க வேண்டியதில்லை. அக்காவும் தங்கையும் வாங்கலாம், அப்பாவும் மகனும் வாங்கலாம், ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு மாணவர்களும் வாங்கலாம். அந்த இருவரும் ஒரே ரயிலில் சேர்ந்து போகும்போது இருவர் டிக்கெட்டிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். அப்படியானால் 35 பவுண்டைத் திரும்ப எடுக்க, இருவருக்கும் சேர்த்து 105 பவுண்டு மதிப்புள்ள டிக்கெட் வாங்கியாக வேண்டும். ஆளுக்குச் சுமார் 53 பவுண்டு.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஓய்வுபெற்ற ஒரு தம்பதி மான்செஸ்டரில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். லண்டன் போய்வர ஆளுக்கு 48 பவுண்டுக்கு டிக்கெட் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 96. அதில் 32 பவுண்டு தள்ளுபடி. அந்த ஒரு பயணத்தோடு ஊர் திரும்பிவிட்டால் அட்டை வாங்கியதில் 3 பவுண்டு நஷ்டம். ஆனால் அடுத்த வாரமே பக்கத்து ஊர் ஒன்றுக்கு, ஆளுக்கு 15 பவுண்டு டிக்கெட்டில் போய்வந்தால் இன்னொரு 10 பவுண்டு மிச்சமாகும். இப்போது 7 பவுண்டு லாபம். அதற்குப் பிறகு போகும் ஒவ்வொரு பயணத்திலும் வருவது முழுக்க லாபம்தான். சுருக்கமாகச் சொன்னால், ஒரு நீண்ட பயணமும் ஒரு குட்டிப் பயணமும் உறுதி என்றால் அட்டையை வாங்கிவிடலாம்.

இந்தக் கணக்கைப் போடும்போது கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிரிட்டனில் ஒரே ரயிலுக்கு ஒரே இருக்கையின் விலை பல விதமாக இருக்கும். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற டிக்கெட்டுக்கு விலை அதிகம். கூட்டம் குறைந்த நேரத்துக்கான டிக்கெட் அதைவிட மலிவு. குறிப்பிட்ட ஒரு ரயிலில் மட்டுமே செல்லும், ‘அட்வான்ஸ்’ எனப்படும் டிக்கெட்டைப் பல வாரங்களுக்கு முன்பே எடுத்தால் பெரும்பாலும் இன்னும் மலிவு. ரயில்கார்டு இந்த மூன்றிலும் தள்ளுபடி தரும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு என்பது, நீங்கள் உண்மையில் வாங்கப்போகும் டிக்கெட்டின் விலையில்தான். சாமர்த்தியமாக முன்பே பதிவு செய்து 12 பவுண்டுக்கு டிக்கெட் எடுப்பவருக்கு ஒரு பயணத்தில் மிஞ்சுவது 4 பவுண்டு மட்டுமே. அவருக்கு அட்டையின் காசு திரும்பிவர நாளாகும். ஸ்டேஷனில் போய் நின்று அந்த நேரத்து விலைக்கு டிக்கெட் எடுப்பவருக்கு ஒரே பயணத்தில் வந்துவிடும். ‘இத்தனை பவுண்டு மிச்சமாகும்’ என்று விளம்பரத்தில் வருவதை நம்பி வாங்குவதைவிட, நாம் எந்த விலை டிக்கெட்டில் போகிறவர்கள் என்று பார்த்து முடிவு செய்வதே சரி.

டூ டுகெதரில் இரண்டு கண்டிப்புகள். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30-க்கு முன் கிளம்பும் ரயிலில் அது செல்லாது. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இந்தத் தடை இல்லை. வேலை நாளில் அதிகாலையே கிளம்பி ஒரு ஊரைச் சுற்றிவிட்டு இரவு திரும்பும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. இந்த அட்டையோடு அப்படிப் போக முடியாது. அப்படிப்பட்ட பயணங்களைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தது, இருவரும் அந்த ரயிலில் இருந்தே ஆக வேண்டும். மனைவிக்குக் காய்ச்சல், கணவர் மட்டும் போகிறார் என்றால் அவர் கையில் இருக்கும் தள்ளுபடி டிக்கெட் செல்லாது. பரிசோதகர் அட்டையில் உள்ள இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, எதிரில் இரண்டு முகங்களையும் தேடுவார். இங்கிலாந்தின் பல பாதைகளில் முறையான டிக்கெட் இல்லாதவருக்கு அபராதம் 100 பவுண்டு, அதோடு அந்தப் பயணத்தின் கட்டணம். 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் பாதியாகும். எப்படிப் பார்த்தாலும் ஒரே நாளில் அட்டையின் வருட லாபம் போய்விடும்.

வீட்டில் பள்ளி வயதுக் குழந்தை இருந்தால் டூ டுகெதரை மறந்துவிடலாம். அதில் குழந்தை டிக்கெட்டுக்குத் தள்ளுபடியே கிடையாது. அங்கேதான் ஃபேமிலி அண்டு ஃப்ரண்ட்ஸ் வருகிறது. என் கணிப்பில் பிரிட்டன் ரயில்கார்டுகளில் இதுவே மிகத் தாராளமானது. ஒரே அட்டையில் நான்கு பெரியவர்களும் நான்கு குழந்தைகளும் வரை போகலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும். 5 முதல் 15 வயது வரையான குழந்தைகளுக்கு 60 சதவீதம் குறையும். நம்மூரில் அரை டிக்கெட் 12 வயதோடு முடிகிறது. அங்கே 15 வயதுப் பிள்ளைக்கும் அரை டிக்கெட்தான். அந்த அரைக் கட்டணத்திலிருந்துதான் இந்த 60 சதவீதம் கழிகிறது. அதாவது பெரியவருக்கு 30 பவுண்டு என்றால் குழந்தைக்கு 15, அட்டையோடு 6.

அப்பா, அம்மா, எட்டு வயது மகன், பன்னிரண்டு வயது மகள் என்று நான்கு பேர் 30 பவுண்டு டிக்கெட்டில் ஓர் ஊருக்குப் போய்வருகிறார்கள் என்று கொள்வோம். அட்டை இல்லாமல் பெரியவர்களுக்கு 60, குழந்தைகளுக்கு 30, ஆக 90 பவுண்டு. அட்டை இருந்தால் 40-ம் 12-ம் சேர்ந்து 52. மிச்சம் 38. முதல் பயணத்திலேயே அட்டையின் விலை வந்து, மேலே 3 பவுண்டும் கையில் நிற்கிறது. ஒரு தாயும் ஒரு குழந்தையும் மட்டும் அதே ஊருக்குப் போனால் மிச்சம் 19. அவர்களுக்கு இரண்டாவது பயணத்தில்தான் லாபம் தொடங்கும்.

இந்த அட்டையில் இருவர் பெயர் வரை பதியலாம். அவர்களில் ஒருவராவது பயணத்தில் இருக்க வேண்டும். கூடவே ஒரு குழந்தையும் இருக்க வேண்டும். மற்றவர்கள் யாராகவும் இருக்கலாம், சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியும் அதே அட்டையில் தள்ளுபடி பெறலாம். பேரப்பிள்ளை கூட வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பள்ளி நாளில் பிள்ளையை விட்டுவிட்டு பெரியவர்கள் மட்டும் கிளம்பினால் அட்டைக்கு வேலை இல்லை. லண்டனையும் அதைச் சுற்றிய தென்கிழக்குப் பகுதியையும் தாண்டாத பயணமென்றால் வேலை நாள் காலை நெரிசல் நேரத்திலும் செல்லாது.

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு அங்கே டிக்கெட்டே வேண்டாம். அப்படியானால் மூன்று வயதுக் குழந்தையோடு போகும் தம்பதிக்கு இந்த அட்டை பயன்படாதா? இங்கே அனுபவமுள்ள குடும்பங்கள் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. இலவசமாகப் போகக்கூடிய அந்தக் குழந்தைக்கும் அட்டையோடு ஒரு குழந்தை டிக்கெட் வாங்கிவிடுவார்கள். மேலே சொன்ன அதே 30 பவுண்டு பயணத்தில் குழந்தைக்கு 6 பவுண்டு கொடுக்கிறார்கள், ஆனால் பெரியவர்கள் இருவருக்கும் 20 பவுண்டு குறைகிறது. நிகர மிச்சம் 14. குழந்தைக்கென்று தனி இருக்கையும் பதிவு செய்துகொள்ளலாம். நீண்ட பயணத்தில் மடியில் வைத்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

காசு கொடுத்து அட்டை வாங்கவே தேவையில்லாத சந்தர்ப்பமும் உண்டு. மூன்று முதல் ஒன்பது பெரியவர்கள் சேர்ந்து கூட்டமில்லாத நேரத்து டிக்கெட்டில் போனால், பல ரயில் நிறுவனங்கள் ‘குரூப்சேவ்’ என்ற பெயரில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கின்றன. அதற்கு எந்த அட்டையும் வேண்டாம், ஆன்லைனில் மூன்று பேர் என்று போட்டுத் தேடினால் போதும். பெற்றோரும் வேலைக்குப் போகும் மகளும் எப்போதும் மூவராகவே சுற்றுகிறார்கள் என்றால் முதலில் இதைப் பார்த்துவிட வேண்டும். எல்லா நிறுவனங்களும் தருவதில்லை, அட்வான்ஸ் டிக்கெட்டிலும் கிடையாது. அதனால் போகும் பாதையைப் பொறுத்துத்தான் முடிவு.

60 வயது கடந்த தம்பதிக்கு இன்னொரு தேர்வு சீனியர் ரயில்கார்டு. தள்ளுபடி அதே அளவு. ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை, ஆக இருவருக்கும் 70 பவுண்டு. எப்போதும் சேர்ந்தே போகிறவர்கள் அந்தக் கூடுதல் 35 பவுண்டைச் செலவழிக்கத் தேவையில்லை. ஒருவர் அடிக்கடி தனியாகப் போவார், அல்லது தொலைதூர ஊருக்குக் காலை எட்டு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்றால் சீனியர்தான் சரி. 9.30 தடை அதற்கு இல்லை. அதற்கும் லண்டன், தென்கிழக்குப் பகுதிக்குள் மட்டும்தான் காலைக் கட்டுப்பாடு.

அட்டையை railcard.co.uk தளத்தில் வாங்கி போனிலேயே வைத்துக்கொள்ளலாம். ஸ்டேஷன் கவுன்டரிலும் வாங்கலாம், டூ டுகெதருக்கு இருவரின் பாஸ்போர்ட் அளவு படமும் கொண்டுபோக வேண்டும். தள்ளுபடி டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு, அட்டையைப் பயணத்துக்கு முன் வாங்கிக்கொண்டாலும் போதும். ரயிலில் ஏறும்போது கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊருக்கு வந்து இறங்கியதுமே வாங்கி, முதல் பயணம் வரை அட்டையின் நாட்களை வீணாக்க வேண்டாம். லண்டன் நகருக்குள் ஆய்ஸ்டர் அட்டையைத் தட்டிப் போகும் பயணங்களுக்கு இந்த இரண்டு ரயில்கார்டுகளையும் இணைக்க முடியாது. ஆகவே மெட்ரோ செலவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

போனில் சார்ஜ் தீர்ந்து அட்டையைக் காட்ட முடியாவிட்டால், அட்டை இல்லாதவராகத்தான் நடத்துவார்கள். அப்போது புதிய டிக்கெட்டுக்கோ அபராதத்துக்கோ கட்டிய பணத்தை, உங்களிடம் செல்லுபடியாகும் அட்டை இருந்தது என்று பிறகு காட்டித் திரும்பக் கேட்கலாம். ஆனால் 12 மாதத்தில் ஒரு முறைதான் அப்படித் தருவார்கள்.