மேக்கப் அறை கேட்டு மண்டபத்துக்கு ஒரு கடிதம்

முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 என்றால், மணப்பெண் அலங்காரத்தை அதிகாலை 3 மணிக்காவது தொடங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் மண்டபத்தில் மேலாளர் இருப்பது அபூர்வம். சாவிக்கொத்தோடு வாட்ச்மேன் இருப்பார், ஜெனரேட்டரைப் போட ஓர் ஆள் இருப்பார். மேக்கப்புக்குத் தனி அறை கேட்டு எழுதும் கடிதம் மேலாளருக்குப் போனாலும், அது வேலை செய்ய வேண்டியது இவர்களிடம்தான். “மேனேஜர்கிட்ட போன்ல சொல்லியாச்சு” என்பது அந்த வேளையில் பூட்டைத் திறக்காது.

கடிதத்தை எழுத வேண்டியவர் மண்டபத்தை யார் பெயரில் பதிவு செய்தார்களோ அவர். பெரும்பாலும் பெண்ணின் அப்பா அல்லது மாப்பிள்ளை வீட்டார். பியூட்டிஷியன் தானே எழுதினால், வெளியாள் கேட்கிறார் என்று மண்டபத்தில் தயங்குவார்கள். பதிவு செய்தவர் ரசீது எண்ணைக் குறிப்பிட்டு எழுதி, பியூட்டிஷியனின் பெயரையும் அலைபேசி எண்ணையும் அதில் சேர்த்துவிட்டால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

எந்த அறையைக் கேட்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மணமகள் அறை இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று மேலாளர் கேட்பார். அந்த அறையில் சீர்த்தட்டுகள், நகைப்பெட்டி, தூங்கும் குழந்தைகள், வந்து போகும் சொந்தக்காரர்கள் என எல்லாம் நிறைந்திருக்கும். அங்கே நாற்காலி போட்டு மூன்று மணி நேரம் வேலை செய்ய முடியாது. ஆனால் தனி அறை கிடைக்கிறதே என்று இரண்டாம் மாடிக்கும் போய்விடக் கூடாது. மேடையில் கூறைப்புடவையைக் கொடுத்ததும், பெண் உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்குள் நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கும். கனமான பட்டும் நகையுமாக மாடிப்படி ஏறி இறங்குவது யாருக்கும் நல்லதல்ல. எனவே அலங்காரத்துக்கு மாடி அறையைக் கேட்டாலும், புடவை மாற்ற மேடைக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள ஒரு சிறிய அறையையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது மின்சாரம். வீடுகளில் இருப்பது போன்ற சிறிய 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் சுமார் 1,380 வாட் வரைதான் தாங்கும். ஹேர் டிரையர் ஒன்றே 1,200 வாட் இருக்கலாம், புடவை தேய்க்கும் அயர்ன் பாக்ஸ் 1,000 வாட். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் டிரிப் ஆகும், அல்லது வயர் சூடாகும். பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று இருந்தால் டிரையரை அதில் போட்டுவிட்டு, விளக்கையும் ஸ்ட்ரெயிட்னரையும் சிறிய பாயிண்டில் வைத்துக்கொள்ளலாம். ஜெனரேட்டரில் எந்த அறைகள் ஓடும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பல மண்டபங்களில் ஏ.சி.யும் பெரிய பாயிண்டுகளும் அதில் சேராது.

இவ்வளவையும் நீட்டி முழக்கத் தேவையில்லை. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் மகள் திருமணத்துக்காகத் தங்கள் மண்டபத்தைப் பதிவு செய்துள்ளோம் (ரசீது எண் …). முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 வரை. மணமகள் அலங்காரத்துக்காக முதல் மாடியில் உள்ள அறை ஒன்றை முதல் நாள் மாலை 3 மணி முதல் மறுநாள் காலை 9 மணி வரை பயன்படுத்த அனுமதி வேண்டுகிறோம். புடவை மாற்ற மேடையை ஒட்டிய சிறிய அறையும் தேவை. பியூட்டிஷியனும் உதவியாளர்கள் இருவரும் வருவார்கள். ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ், இரண்டு விளக்குகள் பயன்படுத்துவோம்; ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். தரையில் விரிப்புப் போட்டுக்கொள்வோம். சுவரில் ஆணியோ டேப்போ வைக்க மாட்டோம். கறையோ சேதமோ ஏற்பட்டால் அதற்கான செலவை ஏற்கிறோம். அதிகாலை 2.45 மணிக்கு அறையைத் திறந்துவிடும்படி வாட்ச்மேனிடம் சொல்லி வைக்க வேண்டுகிறோம்.”

கறையைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். ஃபவுண்டேஷனும் குங்குமமும் மெத்தை விரிப்பில் பட்டால் லேசில் போகாது. வாஷ் பேசினில் முடி அடைத்துக்கொள்ளும். மேலாளர் தயங்குவது பெரும்பாலும் இவற்றை நினைத்துத்தான். அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டால் பேச்சு சுலபமாக முடியும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது நேரில் போங்கள். அறையைத் திறக்கச் சொல்லி, பிளக் பாயிண்டுகளையும் கண்ணாடியையும் பாருங்கள். தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். அந்த அறைக்குத் தனி வாடகை உண்டா என்று கேட்டு, தொகையைக் கடிதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மின்கட்டணம் மீட்டர் பார்த்து வாங்கும் மண்டபமாக இருந்தால், மேக்கப் அறையின் மின்சாரமும் அதிலேயே அடங்குமா என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியில் மேலாளரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அதைப் பியூட்டிஷியனிடம் கொடுத்துவிடுங்கள். அதிகாலையில் வாட்ச்மேன் முன் நிற்கப்போவது அவர்தான்.