முடிவிலிக்குக் காத்திருக்கும் அறிக்கை

கெமிஸ்ட்ரி லேபில் ஜோடியாக நின்று பரிசோதனை செய்த இருவர் சேர்ந்து ஒரே அறிக்கை எழுதவேண்டும் என்றால், பெரும்பாலும் காதில் விழும் ஒப்பந்தம் இதுதான்: "முன்பாதி நீ எழுது, பின்பாதி நான் எழுதறேன்." பக்கத்தை எண்ணினால் சரிபாதிதான். ஆனால் முன்பாதிக்காரி அன்று இரவே எழுதி முடித்துவிட்டுத் தூங்கப் போகலாம். பின்பாதிக்காரிக்கு எண்கள் கைக்கு வரும்வரை வேலையே தொடங்காது. ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் தனியாக விழித்திருப்பது எப்போதும் அவள்தான்.

என் மாணவி ஒருத்தி தன் ஜோடிக்கு அனுப்பிய மெயிலை ஒருமுறை காட்டினாள். இந்தச் சிக்கலை அவள் சரியாகப் பிடித்திருந்தாள். அது புரிய, அவர்கள் செய்த பரிசோதனையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீத்தைல் அசிடேட் ஓர் எஸ்டர். அமிலம் கலந்த தண்ணீரில் ஊற்றினால் அது மெல்ல உடைந்து அசிட்டிக் அமிலத்தைத் தரும். எவ்வளவு வேகமாக உடைகிறது என்று காண்பதே பரிசோதனை. 100 மி.லி. அரை நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 மி.லி. எஸ்டரைச் சேர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிப்பெட்டில் 5 மி.லி. எடுக்கவேண்டும். உடனே அதை ஐஸ் தண்ணீரில் விட்டால் உடைவது ஏறக்குறைய நின்றுவிடும். பிறகு ப்யூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடை விட்டு, இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும்வரை டைட்ரேஷன். எஸ்டர் உடைய உடைய அமிலம் கூடும். செலவாகும் காரமும் கூடும்.

இதில் ஓர் எண் மட்டும் அன்றைக்குக் கிடைக்காது. எஸ்டர் முழுவதும் உடைந்தபின் எவ்வளவு காரம் செலவாகும் என்பது அது. முடிவிலி அளவீடு என்பார்கள், நோட்டில் V∞. எங்கள் லேபின் 30 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்தில் எஸ்டரில் கால்பங்குதான் உடையும். 24 மணி நேரம் மூடிவைத்தால் உடையவேண்டியது ஏறக்குறைய முழுவதும் உடைந்துவிடும். அந்த ஓர் எண் இல்லாமல் ஒரு வரிக் கணக்கும் போட முடியாது. ஏனென்றால் ஒவ்வொரு அளவீட்டையும் அதிலிருந்துதான் கழிக்கவேண்டும்.

திங்கள் பிற்பகல் பரிசோதனை. அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு அறிக்கை. அன்று இரவே அவள் எழுதியது இது:

"பொருள்: எஸ்டர் ரிப்போர்ட் – வேலைப் பங்கீடு

ஹாய் டி, மறக்கறதுக்குள்ள எழுதிடறேன். வேலையை ரெண்டு பங்கா வச்சிருக்கேன். பக்கத்தைப் பார்க்கல, ஆகற நேரத்தைப் பார்த்தேன்.

முதல் பங்கு: தத்துவம் ஒன்றரை மணி, செய்முறை ஒரு மணி. செவ்வாய் மூணு மணிக்கு லேபுக்குப் போய் V∞ எடுக்கறது ஒரு மணி. ஒவ்வொரு அளவீட்டுக்கும் k கணக்குப் போடறது ஒரு மணி. மொத்தம் நாலரை.

இரண்டாம் பங்கு: அட்டவணை அரை மணி, கிராஃபும் சாய்வும் ஒரு மணி, விவாதம் மூணு மணி. இதுவும் நாலரை.

V∞ செவ்வாய் நாலு மணிக்கு வாட்ஸ்அப்ல வந்துடணும். தத்துவம், செய்முறை, அட்டவணை புதன் இரவு. k கணக்கும் கிராஃபும் வியாழன் இரவு, ஆனா அதுவரை ஒருத்தர் விடையை இன்னொருத்தர் பார்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒப்பிடுவோம். விவாதம் சனி இரவு. ஞாயிறு அவங்கவங்க எழுதாததைப் படிச்சுத் திருத்தறது.

பங்கு வச்சது நான், அதனால எது வேணும்னு நீ முதல்ல எடு. மணிக்கணக்கு தப்புன்னு தோணினா சொல்லு. நாளை காலை கிளாஸுக்கு முன்னாடி பதில் போட்டுடு, ஏன்னா மூணு மணிக்கு யாராவது லேப்ல நிக்கணும்."

பங்கு வைத்தவர் கடைசியில் எடுப்பது நிலத்தையும் பாத்திரத்தையும் பிரிக்கும்போது சில வீடுகளில் இருக்கும் வழக்கம்தான். எது தன் கைக்கு வரும் என்று தெரியாதபோது, பங்கு வைப்பவர் ஒன்றைக் கொழுக்கவைக்க மாட்டார். லேபுக்குப் போய் நிற்கும் ஒரு மணியையும் அவள் வேலையாகக் கணக்கில் சேர்த்திருப்பது எனக்குப் பிடித்தது. எழுத்தில் வராத வேலை பங்கீட்டிலும் வராமல் போவதுதான் வழக்கம்.

ஆனால் மெயிலில் நான் இரண்டு தரம் படித்தது, "ஒருத்தர் விடையை இன்னொருத்தர் பார்க்க வேண்டாம்" என்ற இடம். இந்தப் பரிசோதனையில் வேக மாறிலி k-ஐ இரண்டு வழியில் காணலாம். ஒவ்வொரு அளவீட்டையும் சூத்திரத்தில் இட்டுக் கணக்கிடுவது ஒன்று. கிராஃபில் கோடு போட்டு அதன் சாய்விலிருந்து எடுப்பது மற்றொன்று. ஒருத்தியே இரண்டையும் செய்தால், கணக்கில் வந்த விடைக்கு ஏற்றபடி ஸ்கேல் கொஞ்சம் சாயும். பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் கை அப்படிப் போகும். வேறுவேறு கையில் இருந்தால் இரண்டு விடைகளும் ஒன்றையொன்று சோதிக்கும்.

ஆனால் V∞ தப்பாக இருந்தால் இந்தச் சோதனை காப்பாற்றாது, ஏனென்றால் இருவருமே அந்த எண்ணைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். செவ்வாய்வரை காத்திருக்கச் சோம்பல்பட்டு, அன்று மாலையே, ஐந்து மணி நேரத்தில் V∞ எடுத்துவிட்ட ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். 0.2 நார்மல் காரம் என்று வையுங்கள். தொடக்கத்தில் 11.9 மி.லி., ஒரு மணி நேரத்தில் 15.7 செலவாகும். உண்மையான முடிவிலி 26.8. அவசரக்காரர்களுக்குக் கிடைப்பது 23.4 அளவில்தான், கால்பங்குக்குச் சற்றுக் குறைவான எஸ்டர் இன்னும் உடையாமல் கிடக்கும். சரியான எண்ணை வைத்தால் ஒரு மணி அளவீட்டில் k நிமிடத்துக்கு 0.0049. அவசர எண்ணை வைத்தால் 0.0067. இந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கவும் செய்யும். சரியான V∞ இருந்தால் பத்தாம் நிமிடமும் முப்பதாம் நிமிடமும் அறுபதாம் நிமிடமும் 0.0048, 0.0049 என்று ஒன்றுபோலவே இருக்கும். அவசர எண்ணில் 0.0063, 0.0064, 0.0067 என்று நேரம் ஆக ஆக k ஏறிக்கொண்டே போகும். மாறிலி என்று பெயர் வைத்துக்கொண்டு அது ஏறக்கூடாது. கணக்குப் போடுபவள் வியாழக்கிழமையே இதைக் கண்டால் கரைசல் இன்னும் லேபில் இருக்கும், மறுபடி எடுக்கலாம். ஞாயிறு இரவு கண்டால் குடுவையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

தோழியின் பதில் செவ்வாய் காலை ஏழரைக்கு வந்தது. அவள் எடுத்தது முதல் பங்கு, ஒரு திருத்தத்தோடு. ஊருக்குப் போகும் பஸ் மூன்றேகாலுக்கு, அதை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு. ஆகவே V∞ எடுக்க அவளால் நிற்க முடியாது. அதற்கு ஈடாக அட்டவணையையும், கடைசியில் பக்க எண், படத்தலைப்பு சரிபார்ப்பதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மெயிலில் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்திருந்தாள்: "V∞ ஒரு தடவை எடுத்தா போதாது டி. ரெண்டு தடவை எடு. ரெண்டும் 0.1-க்குள்ள ஒத்துப்போற வரைக்கும் கரைசலைக் கொட்டிடாத."

அன்று மூன்று மணிக்கு மெயில் எழுதியவள் லேபில் நின்றாள். முதல் தடவை 26.7, இரண்டாம் தடவை 26.8. ப்யூரெட்டைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, குடுவையை மறுபடி மூடி, அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.