உங்களுக்குத் தெரியுமா? நாம் தேடிய செய்தியும் நம்மிடம் வந்த செய்தியும்

வீரகேசரி வாசிப்பவர் எல்லோரும் வீரகேசரியைத் ‘தேர்ந்தெடுத்தவர்’ அல்லர்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு வீரகேசரி வருகிறது. பதுளை நகரில் இன்னொரு வீட்டுக்கு லங்காதீப வருகிறது. சம்பளப் பிரச்சினையைப் பற்றி இரண்டு வீடுகளிலும் இரண்டு கருத்துகள். இதை வைத்து, அவரவர் தம் கருத்துக்கு ஒத்த பத்திரிகையைத் தேடிப் போகிறார்கள் என்று எழுதிவிட முடியுமா? முடியாது. அந்தப் பத்திரிகைகளைப் பிரித்தது கருத்து அல்ல, மொழி. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர் தமிழில் வருவதைத்தான் வாசிப்பார்.

டேவிட் சியர்ஸ், ஜொனதன் ஃப்ரீட்மன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1967இல் இதே சிக்கலைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவர் கையில் அவருக்குப் பிடித்த கருத்துள்ள செய்தியே நிறைந்திருப்பது ஒரு விடயம். மற்றதைத் தள்ளிவிட்டு இதை அவரே எடுத்தார் என்பது வேறொரு விடயம். இரண்டாவதைத்தான் தெரிவுசார் நுகர்வு என்கிறோம். முதலாவது சூழலாலேயே அமைந்துவிடலாம். ஊவாவில் கருத்துக்கணிப்பு எடுக்கப் போகும் எவரும் முதலில் தாண்டவேண்டிய தடை இதுதான்.

“என்ன பார்ப்பீர்கள்?” என்ற கேள்விக்கு வரும் விடை

அந்த விடை நம்பத்தக்கதல்ல. பொய் சொல்கிறார்கள் என்பதல்ல காரணம், நினைவு அப்படி. மார்க்கஸ் பிரையர் என்ற ஆய்வாளர் 2009இல், அமெரிக்கர்கள் தொலைக்காட்சிச் செய்தி பார்ப்பதாகச் சொன்ன அளவை நீல்சன் நிறுவனத்தின் அளவீட்டோடு ஒப்பிட்டார். சொன்ன அளவு அளந்ததைவிடச் சராசரியாக மூன்று மடங்கு. இளையவர்களிடம் இடைவெளி இன்னும் பெரிது. நாம் கணிப்புக்கு எடுக்க நினைக்கும் கம்பஸ் மாணவர்களோ இளையவர்கள். ஆகவே, “நீங்கள் மாற்றுக் கருத்துச் செய்திகளையும் வாசிப்பீர்களா?” என்று கேட்டுப் பெறும் “ஆம்” எதையும் நிரூபிக்காது. கேட்பதை விட்டு, எடுக்க வைத்துப் பார்க்கவேண்டும்.

1,700 ரூபா ஏன் நல்ல கேள்வி அல்ல?

2024 மே தினத்தில் கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார். அடிப்படை 1,350, மேலதிகம் 350. பெருந்தோட்டக் கம்பனிகள் எதிர்த்தன; ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்போது மலையகம் முழுக்க இதே பேச்சு. மாணவரிடம் கேட்க இதைவிடச் சூடான விடயம் இல்லை என்றுதான் தோன்றியிருக்கும்.

ஆனால் தோட்டத்திலிருந்து படிக்க வந்த பிள்ளைகளிடம் அன்று கேட்டிருந்தால் கிட்டத்தட்ட எல்லோரும் 1,700 வேண்டும் என்றிருப்பார்கள். அங்கேதான் ஆய்வு முறிகிறது. எல்லோரும் ஒரே பக்கம் நின்று, எல்லோரும் ஒரே தலைப்பை எடுத்தால், கருத்துக்கு ஒத்ததால் எடுத்தார்களா, அந்தத் தலைப்பு சுவையாக இருந்ததால் எடுத்தார்களா என்று பிரிக்க வழியில்லை. ஒரே தலைப்பு ஒருவருக்குச் சாதகமாகவும் அடுத்தவருக்குப் பாதகமாகவும் இருக்கவேண்டும். அதற்குத் தமிழ் மாணவர்களுக்குள்ளேயே கருத்துப் பிரியும் கேள்வி தேவை.

அப்படி ஒன்று இருக்கிறது: நாட்சம்பளமே தொடரட்டுமா, அல்லது தேயிலைக் காணியைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தின் எடைக்குப் பணம் தரும் ‘அவுட்குரோவர்’ முறை வரட்டுமா? ஒரே லயத்துக்குள் இதில் இரண்டு பேச்சு கேட்கலாம்.

ஒரு தாள், இரண்டு தலைப்பு

பதுளையில், பசறை வீதியில், 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே அங்கு ஒரு பட்டப்படிப்பு உண்டு. அங்கே தமிழ் வாசிக்கும் 60 மாணவரைக் கொண்டு இதைச் சோதிக்க நினைத்தால் வேலை இப்படிப் போகும்.

முதலில் கருத்தைக் கேட்கவேண்டும். ஆனால் தனியாகக் கேட்கக் கூடாது. விடுதிச் சாப்பாடு, பஸ் நேரம், பரீட்சைக் கால அட்டவணை என்று பத்துக் கேள்விகளுக்கு நடுவே நாட்சம்பளக் கேள்வியும் ஒன்றாக இருக்கட்டும். அடுத்த கட்டத்தை ஒரு வாரம் கழித்துச் செய்வது நல்லது. கருத்தைக் கேட்ட கையோடு தலைப்பையும் கொடுத்தால், மாணவர் நம் நோக்கத்தைப் புரிந்துகொண்டு நடுநிலையாளராகக் காட்டிக்கொள்வார்.

ஒரு வாரத்தின் பின் ஒரு தாள். அதில் இரண்டு தலைப்புகள்: “நாட்சம்பளம் போனால் சேமலாப நிதியும் போகும்: எதிர்ப்போர் காரணங்கள்”, “பராமரிக்கும் குடும்பத்துக்கே வருமானம் கூடும்: ஆதரிப்போர் காரணங்கள்”. ஐந்து நிமிடம்தான் இருக்கிறது, ஒரு கட்டுரையை மட்டும் வாசிக்கலாம், எது வேண்டும் என்று கேட்டு, அதை உண்மையாகவே கையில் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அது மறுபடியும் வாய்ப்பேச்சுக் கணிப்பாகிவிடும். பாதித் தாள்களில் முதல் தலைப்பு மேலேயும், மீதியில் கீழேயும் வரவேண்டும், ஏனென்றால் மேலே இருப்பதை எடுப்பது நம் பழக்கம். கருத்தே இல்லை என்று முன்பு சொன்னவர்கள் இரண்டையும் ஏறக்குறைய சமமாக எடுக்கிறார்களா என்றும் பார்க்கவேண்டும். அவர்களும் ஒன்றையே அள்ளினால் தலைப்பை மாற்றி எழுதவேண்டும்.

60இல் எத்தனை பேர் எடுத்தால் நம்பலாம்?

60 பேருக்கும் ஏதோ ஒரு கருத்து இருந்து, அவர்களில் 35 பேர் தம் கருத்துக்கு ஒத்ததை எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் என்று மகிழக் கூடாது. எவருக்கும் எந்தச் சாய்வும் இல்லாமல் காசு சுண்டிப் போட்டு எடுத்திருந்தாலும் 22 முதல் 38 வரை எந்த எண்ணும் இயல்பாக வரலாம். 39ஐத் தொட்டால்தான் தற்செயல் அல்ல என்று சொல்ல இடம் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, மாணவர் ஆய்வுகளில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். வில்லியம் ஹார்ட்டும் குழுவினரும் 2009இல் இந்தத் துறையின் பழைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, மக்கள் ஒத்த கருத்தை எடுப்பது எதிர்க் கருத்தை எடுப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டார்கள். அதாவது 60இல் சுமார் 40. நம் எல்லைக்கோடு 39. சாய்வு உண்மையாகவே அந்த அளவுக்கு இருந்தாலும், 60 பேரை வைத்துச் செய்யும் பத்துக் கணிப்புகளில் மூன்று அல்லது நான்கு அதைத் தவறவிட்டு, “சாய்வு இல்லை” என்று அறிக்கை எழுதும். 120 பேரைச் சேர்த்தால் தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு என்ற அளவுக்குக் குறைகிறது. இன்னும் 60 பேரைத் தேடும் சிரமம் வீண்போகாது.

அதே தலைப்பு, வேறு பெயர்

ஷாந்தோ ஐயங்காரும் கியு ஹானும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று. ஒரே செய்தித் தலைப்பைச் சிலருக்கு ஃபாக்ஸ் என்ற பெயரோடும், சிலருக்கு சி.என்.என்., என்.பி.ஆர்., பி.பி.சி. பெயரோடும், இன்னும் சிலருக்குப் பெயரே இல்லாமலும் காட்டினார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். தலைப்பு மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. பழமைவாதச் சார்புள்ளவர்கள் ஃபாக்ஸ் பெயர் இருந்ததை நாடினார்கள், சி.என்.என்., என்.பி.ஆர். பெயரைக் கண்டால் விலகினார்கள். பயணம், குற்றம் போன்ற அரசியல் இல்லாத செய்திகளில்கூட இது தெரிந்தது.

பதுளையில் இதைச் செய்யும்போது பத்திரிகைப் பெயருக்குப் பதிலாக ‘தொழிற்சங்க அறிக்கை’, ‘கம்பனி தரப்பு அறிக்கை’, பெயரில்லாதது என்று மூன்று வகை போதும். சங்கம் ஒன்றின் உண்மைப் பெயரைப் போடுவது நியாயமல்ல. அவர்கள் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். முடிந்ததும், பெயர்கள் ஆய்வுக்காகவே போடப்பட்டவை என்று ஒவ்வொருவருக்கும் சொல்லியாகவேண்டும். சொல்லாமல் விட்டால் அன்று மாலையே அது வாட்ஸ்அப்பில் செய்தியாகப் போய்ச் சேரும்.

இரண்டு பக்கமும் வாசித்தால் சரியாகிவிடுமா?

1979இல் ஸ்டான்ஃபோர்டில் 48 மாணவர்களுக்கு மரண தண்டனை பற்றிய இரண்டு ஆய்வுகளைக் கொடுத்தார்கள். ஒன்று அது குற்றத்தைக் குறைக்கிறது என்றது, மற்றது குறைக்கவில்லை என்றது. மாணவரில் பாதிப் பேர் ஆதரவாளர், பாதிப் பேர் எதிர்ப்பாளர். எல்லோருமே இரண்டையும் வாசித்தார்கள். ஒவ்வொரு பக்கமும் தனக்கு ஒத்த ஆய்வு நன்றாகச் செய்யப்பட்டது என்றும், மற்றதில் குறைகள் இருக்கின்றன என்றும் சொன்னது. முடிவில் தம் பழைய கருத்து இன்னும் உறுதியானதாகவே இரு தரப்பும் தெரிவித்தன.

எதைத் திறக்கிறோம் என்பதில் வருவது தெரிவுசார் நுகர்வு. திறந்ததை எப்படி எடைபோடுகிறோம் என்பதில் வருவது உறுதிப்படுத்தல் சார்பு. முதலாவது இல்லாதவரிடமும் இரண்டாவது இருக்கலாம். அதனால் தாளைக் கொடுத்து வாசித்து முடித்தபின், “இதன் வாதம் எவ்வளவு வலுவானது?” என்று ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுவது நல்லது.

பிடிக்காத செய்தியைத் தேடிப் போகும் நேரமும் உண்டு

ஹார்ட் குழுவினரின் அதே கணக்கில் இது இருக்கிறது. எதிர்க் கருத்து கையிலுள்ள காரியத்துக்கு உதவும் என்றால், மக்கள் அதையே விரும்பி எடுக்கிறார்கள். 2024 ஜூலையில் நீதிமன்றம் தடை விதித்த செய்தி எந்தத் தொழிலாளருக்கும் பிடித்த செய்தி அல்ல. ஆனால் வருகிற மாதம் கையில் எவ்வளவு கிடைக்கும் என்பது அதில்தான் இருந்தது. கடனும் அடகும் உள்ள வீட்டில் அதைத் தள்ளிவைக்க முடியாது. ஆகவே தாளில் வரும் விடயம் மாணவரின் சொந்த வீட்டு வருமானத்தைத் தொடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். தொடுகிறவர்களையும் தொடாதவர்களையும் ஒன்றாகக் கூட்டினால் ஒன்றை மற்றது அழித்துவிடும்.

600 பேரிடம் மாதாமாதம் கேட்டார்கள்

1940 அமெரிக்கத் தேர்தலின்போது பால் லசார்ஸ்ஃபெல்ட் குழுவினர் ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். அவரவர் கட்சிப் பிரசாரத்தையே அவரவர் அதிகம் கேட்டார்கள் என்று பதிவானது. அதோடு ஆய்வாளர்கள் எதிர்பாராத ஒன்றும் வந்தது. பலருக்கு வானொலியையும் பத்திரிகையையும்விடப் பக்கத்து மனிதரின் பேச்சே அதிகம் பட்டிருந்தது. ஊடகத்திலிருந்து சிலருக்கு, அந்தச் சிலரிடமிருந்து மற்றவருக்கு என்று செய்தி போனது.

தோட்டத்தில் அந்தச் சிலர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சங்கச் சந்தா சேர்க்கும் தோட்டத் தலைவர், கோயில் கமிட்டிக்காரர், கொழும்பில் வேலைசெய்து விடுமுறைக்கு வந்த பையன். பல்கலைக்கழகத்தில் எடுத்த 60 தாள்கள் இவர்களைப் பற்றி எதுவும் சொல்லாது. போனும் ஆங்கிலமும் கையிலுள்ள மாணவரின் தெரிவு, கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வழியில் செய்தி கேட்கும் தாயின் தெரிவு அல்ல. அவரைப் பற்றி அறிய விரும்புபவர் தாளில் தலைப்புகளைப் போடுவதற்கு முன், “இதை உங்களுக்கு முதலில் சொன்னது யார்? அவர் எந்தச் சங்கம்?” என்ற இரண்டு கேள்விகளோடு லயத்துக்குப் போகவேண்டும்.