தையல்காரரின் பயோடேட்டாவில் எண்கள் பேசட்டும்

ஈரோட்டில் எட்டு ஆண்டுகளாகப் பிளவுஸ், சுடிதார் தைத்துவரும் ஒரு பெண், திருப்பூரில் சாம்பிள் டெய்லர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பயோடேட்டாவில் ‘எல்லா வகைத் தையலும் தெரியும்’ என்று எழுதினால், படிப்பவருக்கு எதுவும் தெரியாது. லைனிங் பிளவுஸ், பிரின்சஸ் கட், கட்டோரி, அனார்கலி என்று பெயர் சொல்லி, ‘வெட்டுவதிலிருந்து கொக்கி வைப்பதுவரை நானே’ என்றும் எழுத வேண்டும். கம்பெனி லைனில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் கை மட்டுமே ஏற்றியிருக்கலாம். சாம்பிள் டெய்லரோ முழு உடுப்பையும் தனியாக முடிப்பவர்.

பேட்டர்னிலும் இதே தெளிவு தேவை. ஆளுக்கு அளவெடுத்துத் துணியில் நேரடியாகக் கோடு போடுவது ஒரு திறமை. அட்டையில் ஒரு சைஸ் வெட்டி, அதிலிருந்து மற்ற சைஸ்களை எடுக்கும் கிரேடிங் வேறு. மார்புச் சுற்றளவு 2 அங்குலம் கூடினால், கால் பாக அட்டையில் அரை அங்குலம்தான் கூடும். கழுத்து அவ்வளவு கூடாது. கழுத்தையும் அதே அளவு அகட்டி வெட்டினால் பெரிய சைஸில் கழுத்து அகன்று தோளிலிருந்து நழுவும். கிரேடிங் செய்தவர் ‘32 முதல் 40 வரை’ என்று எழுதலாம். செய்யாதவர் அளவெடுத்து வெட்டுவதை மட்டும் எழுதுவதே நேர்மை.

இயந்திரங்களில் சிங்கிள் நீடில், ஓவர்லாக், பிளாட்லாக் மூன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும். பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும். விளிம்பைச் சாதாரண நேர்த்தையலில் மடித்தடித்தால் உடுத்தும்போது நூல் அறுந்துவிடும். அதனால்தான் டி-ஷர்ட்டின் கீழ் மடிப்புக்குப் பிளாட்லாக் தேவைப்படுகிறது. பிளவுஸ் கடையில் இருந்தவர் இதைத் தொட்டிருக்க மாட்டார். ‘ஓவர்லாக்கில் நூல் கோப்பேன், பிளாட்லாக் பழகவில்லை’ என்று எழுதினால் மேலாளர் எங்கே பயிற்சி தரவேண்டும் என்று அறிவார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது மொத்த ஆர்டர் பற்றிய வரிதான். ‘பெரிய ஆர்டர்களை நேரத்துக்கு முடித்தேன்’ என்பதில் சரிபார்க்க ஏதுமில்லை. இப்படி எழுதலாம்: ‘பள்ளிச் சீருடை 400 செட், சட்டையும் அரைக்கால் சட்டையும். துணி வந்தது மே 4, கெடு மே 30, ஒப்படைத்தது மே 27. வெட்டு நான்; தையல் ஐவர், 20 வேலைநாள்.’ படிப்பவர் உடனே வகுத்துப் பார்ப்பார். 800 உருப்படி, நாளுக்கு 40, ஆளுக்கு 8. நடக்கக்கூடிய கணக்கு. அதே வேலையை இருவர் முடித்ததாக எழுதியிருந்தால் ஆளுக்கு 20 ஆகும். அங்கேயே சந்தேகம் வரும். காஜா வெளியில் போட்டிருந்தால் அதையும், ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வந்த உருப்படிகளின் எண்ணிக்கையையும் சேர்க்கலாம். சில நாள் தாமதித்த ஆர்டர் இருந்தால், துணி தாமதமாக வந்ததா, வெட்டில் தவறியதா என்று காரணத்தோடு சொல்வது நல்லது. நேர்முகத்தில் துணியைக் கையில் கொடுத்துத் தைக்கச் சொல்வார்கள். காகிதத்தில் எழுதியது அங்கே அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.