ஊருக்கு ஊர் மாறும் விற்பனையின் மதிப்பு

இணையத்தில் நடக்கும் ஒரு விற்பனைக்குக் கூடுதலான அல்லது குறைவான மதிப்பைத் தரும்படி விளம்பரத் தளத்துக்குச் சொல்லும் வசதிதான் கன்வெர்ஷன் மதிப்பு விதி. கூகுள் ஆட்ஸ் தளத்தில் 2021ஆம் ஆண்டு இது அறிமுகமானது. விளம்பரத்தைத் தட்டியவர் எந்த ஊரில் இருந்தார், எந்தக் கருவியில் தட்டினார், எந்த வகை வாடிக்கையாளர் என்பவற்றை வைத்து விதி எழுதலாம். இவற்றில் கடைக்காரர்கள் அதிகம் பயன்படுத்தக்கூடியவை இடமும் கருவியும்.

இந்த விதி எதற்கு என்று புரிய, விளம்பர ஏலம் எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒருவர் கூகுளில் தேடும் ஒவ்வொரு முறையும், அந்த இடத்தில் யாருடைய விளம்பரம் தோன்ற வேண்டும் என்பதை ஒரு நொடிக்குள் நடக்கும் ஏலம் முடிவு செய்கிறது. எவ்வளவு கேட்பது என்பதைக் கடைக்காரர் கையால் குறிப்பதில்லை. தானியங்கி ஏல முறை கணக்கிட்டுக் கேட்கிறது. கடைக்காரர் தருவது ஓர் இலக்கு மட்டுமே. விளம்பரத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 400 ரூபாய் விற்பனை வேண்டும் என்றால், இலக்கு 400 சதவீதம். திரையில் இது Target ROAS என்ற பெயரில் வரும்.

ஒரு சொடுக்கு விற்பனையாக முடிய நூற்றுக்கு 2 வாய்ப்பு இருக்கிறது, விற்பனைத் தொகை 2,000 ரூபாய் என்று தளம் மதிப்பிட்டால், அந்தச் சொடுக்கிலிருந்து சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது 40 ரூபாய். 400 சதவீத இலக்கின்படி அதற்கு ஏறத்தாழ 10 ரூபாய் வரை கேட்கலாம். விற்பனையின் மதிப்பு மாறினால் இந்தப் பத்து ரூபாயும் மாறும். மதிப்பு விதி கை வைப்பது இங்கேதான். அது ஏலத்தொகையை நேரடியாகத் தொடுவதில்லை. விற்பனைக்குத் தரும் மதிப்பை மாற்றுகிறது. அதையொட்டி ஏலத்தொகை தானே மாறுகிறது.

கடையின் இணையப்பக்கத்தில் வைத்த குறியீடு, விற்பனை முடிந்ததும் பில் தொகையைத் தளத்துக்கு அனுப்புகிறது. அந்தக் குறியீட்டுக்குத் தெரிந்தது பில் தொகை மட்டுமே. பொருள் வீடு போய்ச் சேர்ந்ததா, வாசலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்களா, கூரியருக்கு எவ்வளவு ஆனது என்பதெல்லாம் அதற்குப் பிறகு நடப்பவை. கடையின் கணக்கேட்டில் இருந்தும் தளத்துக்குத் தெரியாத இந்தச் செய்தியைச் சொல்லவே மதிப்பு விதி பயன்படுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஈரோட்டிலிருந்து போர்வையும் ஜமுக்காளமும் இணையத்தில் விற்கும் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆர்டர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வருகின்றன. இரண்டு இடத்திலும் சராசரி பில் 2,000 ரூபாய். பொருள் வாடிக்கையாளரிடம் தங்கிவிட்டால், கூரியர் செலவுக்கு முன் கடைக்கு நிற்பது 700 ரூபாய்.

தமிழ்நாட்டில் 100 ஆர்டருக்கு 90 தங்குகின்றன, 10 திரும்புகின்றன. கூரியர் போக 80 ரூபாய், திரும்பி வர இன்னொரு 80 ரூபாய். தங்கிய 90 ஆர்டரில் கிடைப்பது 63,000 ரூபாய். அனுப்பும் செலவு 8,000 ரூபாயையும் திரும்பும் செலவு 800 ரூபாயையும் கழித்தால் 54,200 ரூபாய் மிஞ்சும். ஆர்டர் ஒன்றுக்கு 542 ரூபாய்.

டெல்லியில் 100 ஆர்டருக்கு 70 தங்குகின்றன. கேஷ் ஆன் டெலிவரி அதிகம் என்பதால் 30 திரும்புகின்றன. கூரியர் ஒரு வழிக்கு 150 ரூபாய். தங்கிய ஆர்டர்களில் கிடைக்கும் 49,000 ரூபாயில் அனுப்பும் செலவு 15,000, திரும்பும் செலவு 4,500 போனால் 29,500 ரூபாய் மிஞ்சும். ஆர்டர் ஒன்றுக்கு 295 ரூபாய்.

தளத்தின் கண்ணுக்கு இரண்டு ஆர்டரும் 2,000 ரூபாய்தான். அதனால் வாங்கும் வாய்ப்பு ஒன்றாக இருக்கும்வரை இரண்டு ஊரிலும் ஒரே விலைக்குச் சொடுக்கு வாங்கும். கடைக்கோ டெல்லி ஆர்டரின் பயன் தமிழ்நாட்டு ஆர்டரில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

இப்போது விதி எழுத வேண்டும். தமிழ்நாட்டு ஆர்டர் 542, டெல்லி ஆர்டர் 295. முன்னது பின்னதைப்போல் 1.84 மடங்கு. டெல்லியை அப்படியே விட்டுவிட்டுத் தமிழ்நாட்டை 1.84ஆல் பெருக்கச் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றும். பலர் சறுக்குவது இங்கேதான். மாதம் 100 ஆர்டரில் 60 தமிழ்நாடு, 40 டெல்லி என்றால், விதிக்கு முன் தளத்தில் பதிவாகும் மொத்த மதிப்பு 2,00,000 ரூபாய். விளம்பரச் செலவு 50,000 ரூபாய் என்றால் சரியாக 400 சதவீத இலக்கு எட்டியிருக்கும். 1.84 விதியைப் போட்டதும், ஒரு ஆர்டர்கூட அதிகமாக வராமலே பதிவாகும் மதிப்பு 3,00,800 ரூபாயாகிவிடும். பலன் 600 சதவீதம் என்று தளம் நினைக்கும். இலக்கு 400தானே என்று தமிழ்நாட்டில் ஏலத்தொகையை ஏற்றிக்கொண்டே போகும். டெல்லியில் எதுவும் குறையாது. மாதக் கடைசியில் செலவு கூடியிருக்கும். அறிக்கையில் எல்லாம் நன்றாகத் தெரியும். கல்லாவில் பணம் இருக்காது.

சரியான வழி, இரண்டையும் சராசரியோடு ஒப்பிடுவது. 60 தமிழ்நாட்டு ஆர்டரும் 40 டெல்லி ஆர்டரும் சேர்ந்தால் ஆர்டர் ஒன்றுக்குச் சராசரிப் பயன் 443 ரூபாய்.

```
தமிழ்நாடு: 542 ÷ 443 = 1.22
டெல்லி:    295 ÷ 443 = 0.67
```

தமிழ்நாட்டு ஆர்டர் இனி 2,440 ரூபாயாகவும் டெல்லி ஆர்டர் 1,340 ரூபாயாகவும் பதிவாகும். 60 ஆர்டரின் 1,46,400 ரூபாயும் 40 ஆர்டரின் 53,600 ரூபாயும் சேர்ந்தால் பழைய 2,00,000 ரூபாயே வருகிறது. மொத்தம் மாறாததால் 400 சதவீத இலக்கைத் தொட வேண்டியதில்லை. முன்பு இரண்டு ஊரிலும் 10 ரூபாயாக இருந்த சொடுக்கின் உச்ச விலை, தமிழ்நாட்டில் 12 ரூபாய் 20 காசாகவும் டெல்லியில் 6 ரூபாய் 70 காசாகவும் பிரியும். டெல்லியில் விளம்பரம் நின்றுவிடாது. மலிவாகக் கிடைக்கும் சொடுக்குகளை மட்டும் வாங்கும்.

இந்த விதிகளை எழுதும் இடம் கூகுள் ஆட்ஸில் Goals பகுதியில் Conversions என்பதன் கீழுள்ள Value rules. இடத்தையும் கருவியையும் ஒரே விதியில் சேர்த்து, ‘டெல்லி, அதுவும் மொபைல்’ என்றும் எழுதலாம்; இரண்டும் பொருந்தினால்தான் அந்த விதி வேலை செய்யும். பெருக்குவதற்குப் பதில் ஒரு நிலையான தொகையைக் கூட்டவும் வழி உண்டு. பில் பெரிதானாலும் சிறிதானாலும் வித்தியாசம் ஒரே தொகையாக இருக்கும்போது கூட்டலும், பில்லோடு சேர்ந்து வித்தியாசமும் வளரும்போது பெருக்கலும் பொருந்தும். மாநிலத்துக்கு ஒன்றும் அதற்குள் இருக்கும் நகரத்துக்கு ஒன்றுமாக இரண்டு இட விதிகள் இருந்தால், நகர விதியே எடுபடும்.

இட விதியில் கவனிக்க வேண்டியது, தளம் பார்ப்பது விளம்பரத்தைத் தட்டியவரின் இடத்தை. பொருள் போய்ச் சேரும் முகவரியை அல்ல. சென்னையில் இருப்பவர் டெல்லியிலுள்ள மகளுக்குப் போர்வை அனுப்பினால் அது தமிழ்நாட்டு விற்பனையாகவே கணக்காகும். அந்த ஊரில் இருப்பவர்களை மட்டும் எடுப்பதா, அந்த ஊரைப் பற்றித் தேடுபவர்களையும் சேர்ப்பதா என்ற தேர்வும் விதியில் உண்டு. கூரியர் செலவை வைத்து எழுதும் விதிக்கு முதலாவதுதான் சரி.

கருவி விதியில் இதைவிடப் பெரிய குழப்பம் வரும். இரவு போனில் விளம்பரத்தைத் தட்டிப் பார்த்தவர் மறுநாள் லேப்டாப்பில் ஆர்டர் போடலாம். கடையின் ஆர்டர் பட்டியலில் அது லேப்டாப் விற்பனை. தளத்திலோ விளம்பரத்தைத் தட்டிய போனுக்குச் சேரும். கடைப் பட்டியலைப் பார்த்து ‘மொபைல் ஆர்டர் அதிகம் திரும்புகிறது’ என்று மொபைலுக்கு 0.8 போட்டால், லேப்டாப்பில் ஒழுங்காக வாங்கி முடிப்பவர்களைக் கொண்டுவரும் மொபைல் சொடுக்குகளுக்கும் விலை குறைந்துவிடும். ஆர்டர்களை அவற்றைக் கொண்டுவந்த சொடுக்கோடு இணைத்துப் பார்க்க முடிந்தால் மட்டுமே கருவிக்கு விதி எழுதலாம்.

தானியங்கி ஏலத்தில் கருவி வாரியாக ஏலத்தொகையைக் கூட்டிக் குறைக்கும் பழைய சதவீதம் இருக்கிறதே என்று கேட்கலாம். Target ROAS முறையில் அது எடுபடாது. ஒரு கருவியை முழுதாக நிறுத்தும் −100 சதவீதம் மட்டும் செல்லும்.

விதி எழுதக் கூடாத இடங்களும் உண்டு. பெங்களூரில் பில் தொகை அதிகம், மதுரையில் குறைவு என்பதற்காக விதி தேவையில்லை. பில் தொகை ஏற்கெனவே தளத்துக்குப் போகிறது; ஊரையும் கருவியையும் பார்த்தே வாங்கும் வாய்ப்பையும் தொகையையும் அது கணிக்கிறது. அதன் மேல் விதியும் போட்டால் ஒரே வித்தியாசம் இரண்டு முறை கணக்காகிவிடும். திரும்பி வந்த ஆர்டர்களைத் தளத்தில் தனித்தனியாக ரத்துசெய்யும் கடைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். விற்பனை நடந்து 55 நாளுக்குள் அப்படித் திருத்தலாம். அதைத் தவறாமல் செய்யும் கடை, திரும்பும் ஆர்டருக்காக விதியும் எழுதினால் டெல்லி இருமுறை தண்டிக்கப்படும். அத்தகைய கடை கூரியர் வித்தியாசத்துக்கு மட்டும் விதி எழுத வேண்டும்.

விதி செயல்படத் தொடங்கிய பிறகு அறிக்கையில் தெரியும் மதிப்பு, திருத்தப்பட்ட மதிப்பு. விற்பனை எண்ணிக்கை மாறாது, தொகை மட்டும் மாறும். கடையின் கணக்கர் அந்தத் தொகையை விற்பனைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் ஊர் வாரியாக இடிக்கும். அறிக்கையை மதிப்பு விதி வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. அசல் மதிப்பு எவ்வளவு, விதியால் கூடியதோ குறைந்ததோ எவ்வளவு என்று அதில் தனித்தனியாக வரும். விதி சமநிலையில் இருக்கிறதா என்று அறிய இதுவே அளவுகோல்: கூடியதும் குறைந்ததும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்ட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இலக்கையும் அதே விகிதத்தில் மாற்ற வேண்டும்.

நல்ல விதி அமைந்தால் தமிழ்நாட்டு ஆர்டரின் பங்கு மெல்ல உயரும். 60க்கு 40 என்றிருந்தது 70க்கு 30 ஆனால் சராசரிப் பயன் 443லிருந்து 468 ரூபாயாகும். பழைய பெருக்கெண்களோடு மொத்த மதிப்பு இப்போது அசலைவிடக் கூடுதலாகத் தெரியும். பெருக்கெண்களை 1.16, 0.63 என்று மாற்றினால் மீண்டும் சமநிலை வரும். ஆனால் இந்தத் திருத்தத்தைப் போதுமான ஆர்டர்கள் சேர்ந்த பிறகே செய்ய வேண்டும். ஒரு நகரத்திலிருந்து 20 ஆர்டர் வந்து 6 திரும்பினால் 30 சதவீதம். அதே நகரத்தில் அடுத்த மாதம் 3 திரும்பினால் 15 சதவீதம். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் நகரத்துக்கு நகரம் விதி எழுதுவது தற்செயலுக்கு விலை வைப்பதாகும். எண்ணிக்கை போதாத நகரங்களை மாநிலத்தோடு சேர்த்து ஒரே விதியாக வைப்பதே பாதுகாப்பானது.