பேக்கப் ஓடியது, கோப்பு இல்லை

2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை சர்வர் என்று எண்ணி முதன்மை சர்வரின் தரவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினசரி பேக்கப்பைத் தேடினால், கோப்பே இல்லை.

தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, நகலெடுத்த `pg_dump` கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாமல் வேலை தோற்றுக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. அதற்குப் பின் பதிவானவை போய்விட்டன.

வேலையை விட்டுப் போகும் தரவுத்தள நிர்வாகியின் ஒப்படைப்புக் குறிப்பில் "பேக்கப் தினமும் இரவு 2 மணி" என்ற வரி மட்டும் இருந்தால், அடுத்து வருபவருக்கு எதுவும் தெரியாது. அந்த நகலிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பிடித்தது, தோல்விச் செய்தி யாருக்குப் போகிறது என்பதையெல்லாம் அவர் எழுத வேண்டும். செய்தி அவருடைய முகவரிக்கே போகிறதென்றால், கணக்கை மூடியதும் யாருக்கும் எதுவும் வராது. அவர் கணக்கில் ஓடும் கிரான் வேலைகளும் அதோடு நின்றுபோகலாம்.

எளிதில் உடையும் வினவல்களுக்கும் காரணம் எழுத வேண்டும். மாதக் கடைசி அறிக்கைக்கு மட்டுமே பயன்படும் இண்டெக்ஸை, மாத நடுவில் பார்ப்பவர் வேண்டாததென்று நீக்கிவிடக்கூடும்.