‘எவ்ரிஒன்’ வந்தால் ‘தேர்’ வரலாமா?

பத்தாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் தன் ஆங்கிலத் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ‘எவ்ரிஒன் ஹாஸ் ஃபினிஷ்ட் தேர் ஒர்க்’ என்று எழுதியிருந்தாள். ‘தேர்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, அதன் மேல் ‘ஹிஸ்’ என்று திருத்தியிருந்தார்கள். அரை மதிப்பெண் போயிருந்தது. “சித்தப்பா, எல்லாரும்னா அதுல நானும்தானே இருக்கேன்? நான் எப்படி ‘ஹிஸ்’ ஆவேன்?” என்று கேட்டாள்.

திருத்திய ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் மூன்று தலைமுறை ஆங்கிலம் கற்ற ரென் அண்டு மார்ட்டின் இலக்கணம் அப்படித்தான் சொல்கிறது. ‘எவ்ரிஒன்’, ‘எனிபடி’ போன்ற சொற்களில் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ஆண்பால் பெயரையே போடு என்பது அதன் விதி. காரணமும் சொல்கிறது: இரு பாலுக்கும் பொதுவான படர்க்கை ஒருமைச் சொல் ஆங்கிலத்தில் இல்லையாம்.

விதியின் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ‘எவ்ரிஒன்’ ஒருமை வினையைத்தான் ஏற்கும்; ‘எவ்ரிஒன் ஹாஸ்’ என்போம், ‘எவ்ரிஒன் ஹேவ்’ என்றால் பிழை. வினை ஒருமை என்றால் அதைச் சுட்டும் சொல்லும் ஒருமையாகத்தானே இருக்கவேண்டும்? ஒருமையில் மனிதருக்கு இருப்பவை ‘ஹீ’, ‘ஷீ’ இரண்டுதான். ‘தே’ என்றால் எண் பிசகுகிறது; ‘ஹீ’ என்றால் பால் பிசகுகிறது. இரண்டில் எந்தப் பிசகைப் பொறுப்பது என்பதுதான் கேள்வி. இலக்கண ஆசிரியர்கள் எண்ணைக் காப்பாற்றினார்கள், பாலை விட்டுவிட்டார்கள்.

அவர்கள் இந்த முடிவை எடுத்தது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். ஆண்பால் பெயர் இருபாலரையும் குறிக்கும் என்று 1745இல் ஆன் ஃபிஷர் என்ற பெண்மணியே தம் இலக்கண நூலில் எழுதினார். 1795இல் வந்த லிண்ட்லி மரேயின் இலக்கணம் ‘எனிஒன்’ பின்னால் வரும் ‘தேர்’ஐப் பிழை என்று எடுத்துக்காட்டித் திருத்தியது. பள்ளிகளில் பெரிதும் பரவிய நூல் அது. சட்டங்களில் வரும் ஆண்பால் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1850இல் சட்டமே இயற்றியது.

ஆனால் வழக்கு அதற்கு நானூறு ஆண்டுகள் மூத்தது. ஒருவரைக் குறிக்க ‘தே’ வருவதற்கான சான்றைப் பதினான்காம் நூற்றாண்டு எழுத்திலிருந்தே ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டுகிறது. சாஸர் எழுதியிருக்கிறார், ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார், 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘ஈச்’ என்ற ஒருமைச் சொல்லை அடுத்து ‘தெம்செல்வ்ஸ்’ வருகிறது. ஜேன் ஆஸ்டின் நாவல்களில் இது தாராளமாகக் கிடக்கிறது. ஆகவே இதை இந்தக் காலத்து நாகரிகம் என்று சொல்பவர்கள் வரலாற்றைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். புதிதாக வந்தது தடைதான்.

வரலாறு போகட்டும், வாக்கியத்தையே சோதித்துப் பார்க்கலாம். ‘எவ்ரிபடி கேம்’ என்று சொல்லி, ‘இல்லையா?’ என்று வால் கேள்வி சேர்க்க வேண்டும். ‘டிடன்ட் தே?’ என்றுதான் ஆங்கிலேயர் எல்லோரும் கேட்பார்கள். ‘டிடன்ட் ஹீ?’ என்று விதியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கூடக் கேட்பதில்லை. இன்னொரு சோதனை: ‘எவ்ரிஒன் கிளாப்டு. ஹீ வாஸ் ஹேப்பி.’ இங்கே மகிழ்ந்தவர் யார்? கைதட்டியவர்கள் அல்ல, மேடையில் நின்ற வேறு யாரோ ஓர் ஆண். கைதட்டியவர்களே மகிழ்ந்தார்கள் என்று சொல்ல ‘தே வேர் ஹேப்பி’ என்பதைத் தவிர வழியில்லை. ‘எவ்ரிஒன்’ வடிவில் ஒருமை, பொருளில் பலர். பக்கத்தில் நிற்கும் வினை வடிவத்தைப் பார்க்கிறது. தள்ளி நிற்கும் சுட்டுப்பெயர் பொருளைப் பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை செய்வதால் ஒரே வாக்கியத்தில் ‘ஹாஸ்’, ‘தேர்’ இரண்டும் சண்டையின்றி இருக்கின்றன.

தமிழ் தெரிந்தவருக்கு இதில் வியப்பு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் இரண்டும் ஒருமையில்தான் உண்டு. பலர்பாலுக்குள் போனதும் ஆண், பெண் வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே: ‘ஹீ’, ‘ஷீ’ பிரிந்து நிற்கும், ‘தே’ பிரியாது. ஆகவே ஒருவரைச் சொல்லும்போது பாலைச் சொல்லாமல் இருக்க வேண்டுமானால், இரண்டு மொழியும் தஞ்சம் புகும் இடம் பன்மைதான். ‘வாசலில் ஒருவர் நிற்கிறார்’ என்கிறோம். ‘ஒரு’ என்பது எண்ணில் ஒன்று. ‘அர்’, ‘ஆர்’ என்பன பலர்பால் விகுதிகள். ‘ஒருவர்’ என்ற சொல் இருபாலுக்கும் உரியது, அது பன்மை முடிவை ஏற்கும் என்று தொல்காப்பியப் பெயரியல் இதைத் தனியாக எடுத்து விதி செய்திருக்கிறது. ஆங்கில இலக்கணக்காரர்கள் பிழை என்று அடித்ததை ஒத்த ஒரு வழக்கை, நம் இலக்கணக்காரர் வழக்கைக் கண்டு இலக்கணமாக்கினார்.

எல்லா இடத்திலும் ‘தே’ ஒரே அளவு எளிதாகப் பொருந்துகிறதா என்றால், இல்லை. ஜூலி ஃபோர்ட்ஷ், மார்ட்டன் ஆன் கெர்ன்ஸ்பாக்கர் என்ற இரு உளவியலாளர்கள் வாசிப்பு நேரத்தை அளந்து 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘ஒரு லாரி ஓட்டுநர்’ என்று யாரையும் குறிக்காமல் பொதுவாகச் சொன்ன இடத்தில் ‘தே’ வாசிப்பைத் தாமதப்படுத்தவில்லை. இன்ன ஆள் என்று அறிந்த ஒருவரைச் சுட்டிய இடத்தில் மட்டும் வாசகர்கள் சற்றுத் தயங்கினார்கள். தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாத ஒருவரை ‘தே’ என்று குறிப்பது இந்த இரண்டாம் வகை. அது உண்மையிலேயே புதிய வழக்கு. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்தப் பொருளைச் சேர்த்தது 2019இல்தான். பழைய ‘எவ்ரிஒன்... தேர்’ வாக்கியத்தை இதோடு போட்டுக் குழப்பி, இரண்டையும் சேர்த்து எதிர்ப்பவர்களைப் பார்க்கிறேன். இரண்டின் வயதும் வேறு.

எழுதும்போது இடறுகிற இடம் வேறு. ‘எ டீச்சர் ஷுட் ஹெல்ப் தேர் ஸ்டூடண்ட்ஸ் வென் தே ஆர் டயர்ட்’ என்றால் களைத்தது ஆசிரியரா, மாணவர்களா? அருகில் உண்மையான பன்மை ஒன்று இருந்தால் ‘தே’ அதன் பக்கம் சாயும். அங்கே வாக்கியத்தையே மாற்ற வேண்டும். அதுபோல ஒருவரையே குறித்தாலும் வினை ‘தே ஆர்’தான், ‘தே இஸ்’ என்று எழுதக்கூடாது. ஒரே ஆளிடம் பேசும்போதும் ‘யூ ஆர்’ என்பதுபோல. ‘யூ’வும் ஒரு காலத்தில் பன்மை மட்டுமே, ஒருமைக்கு ‘தவ்’ இருந்தது.

விதிகளும் வழக்கின் பக்கம் வந்துவிட்டன. 2002இன் கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் இந்த வழக்கை ஏற்கிறது. செய்தியாளர்களின் ஏபி கையேடு 2017இல் வரம்போடு அனுமதித்தது. ஆய்வுக் கட்டுரைகளுக்கான ஏபிஏ கையேடு 2019இல் ‘தே’யைப் பயன்படுத்தவே சொன்னது.

அண்ணன் மகளிடம் இரண்டு சொன்னேன். நீ எழுதியது சரியான ஆங்கிலம். பழைய விதிப்படி திருத்துவார்கள் என்று தெரிந்த தேர்வில் ‘ஆல் தி ஸ்டூடண்ட்ஸ் ஹேவ் ஃபினிஷ்ட் தேர் ஒர்க்’ என்று எழுதிவிடு, அதை யாரும் அடிக்க முடியாது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த முறை ‘எவ்ரிஒன்’ பின்னால் ‘தேர்’ வந்தால், அந்தச் சிவப்புச் சுழியைப் போடாதீர்கள், அந்த அரை மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்.